கரையான் ட்ரீட்மென்ட்: துளையை எண்ணுங்க, லிட்டரை எண்ணுங்க!

கதவு நிலையைத் தட்டினால் ‘டொக் டொக்’ என்று உள்ளே காலியாகக் கேட்கிறதா? சுவர் ஓரமாகப் பென்சில் தடிமனில் மண் கோடு ஏறுகிறதா? உங்கள் வீட்டுக்குக் கரையான் வந்துவிட்டது. அடுத்து கூகுளில் தேடி, முதலில் வரும் நம்பருக்கு போன் போடுவோம். ஒருவர் ஸ்ப்ரேயருடன் வருவார், அரை மணி நேரம் அடிப்பார், ‘அஞ்சு வருஷம் வாரன்டி சார்’ என்று பில் தருவார். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

ஸ்ப்ரே அடித்தால் போகாதா?

போகாது. நம் வீடுகளைத் தின்னும் கரையானின் கூடு பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் இருக்கும். மரத்தில் நாம் பார்ப்பது சாப்பிட வந்த வேலைக்காரக் கரையான்களைத்தான். மேலே அடித்தால் அவை சாகும். ஆனால், கூடு அப்படியே இருக்கும், ரெண்டு மாசத்துல வேறு சுவர் வழியாக வரும். அதனால் மருந்து தரைக்குக் கீழே உள்ள மண்ணில் இறங்க வேண்டும்.

சரியான வேலை எப்படி இருக்கும்?

கட்டி முடித்த வீடுகளுக்கான இந்தியத் தர விதி IS 6313 (பகுதி 3) இதைத் தெளிவாகச் சொல்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில், சுமார் 30 செ.மீ.க்கு ஒன்று வீதம் 12 மி.மீ. துளை போட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் மண் ஏற்கும் வரை மருந்துக் கரைசலைச் செலுத்த வேண்டும். ஒரு துளைக்கு அதிகபட்சம் 1 லிட்டர். பிறகு துளையை அடைக்க வேண்டும்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். தரைத்தள வீட்டில் 60 அடி நீளத்துக்கு ட்ரீட்மென்ட் என்றால், அடிக்கு ஒன்றாகச் சுமார் 60 துளைகள். கரைசல் 60 லிட்டர் வரை ஆகலாம். பரவலாகப் பயன்படும் இமிடாக்ளோபிரிட் 30.5% மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. கலப்பார்கள். ஆக, 60 லிட்டருக்கு 126 மி.லி. மருந்து. வந்தவர் ஒரே ஒரு 10 லிட்டர் ஸ்ப்ரேயரோடு வேலையை முடித்தால், துளைக்கு ஒரு டம்ளர்கூட போகவில்லை என்று அர்த்தம். ‘வாசனை தூக்குதே, ஸ்ட்ராங்கா இருக்கும்’ என்று நம்பாதீங்க. இமிடாக்ளோபிரிட்டுக்கு வாசனை ரொம்பக் குறைவு.

மருந்து பாதுகாப்பானதா?

சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண்முன் திறந்து, அளந்து கலக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்த மருந்து என்றால் வேண்டாம். லேபிளில் முக்கோண நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கடுமையான நச்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். லேபிளை போட்டோ எடுத்து வைங்க. யாருக்காவது மயக்கம், வாந்தி வந்தால் டாக்டர் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான்.

குளோர்பைரிபாஸ் என்றால் கூடுதல் கவனம். வீடுகளுக்குள் அதன் பயன்பாட்டைக் குறைத்து நிறுத்த அமெரிக்கா 2000-ம் ஆண்டிலேயே முடிவெடுத்தது. முக்கியக் காரணம், குழந்தைகளின் பாதுகாப்பு.

சென்னை வீடுகளில் இன்னொரு ஆபத்து, தரைக்கடியில் இருக்கும் சம்ப். சம்ப், கிணறு, தண்ணீர் குழாய் எங்கே போகிறது என்று முன்பே காட்டிவிடுங்கள். அதையொட்டித் துளை போட்டால் மருந்து குடிநீரில் கலக்கலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், செல்லப்பிராணிகள் தரை காயும்வரை வெளியே இருக்கட்டும்.

லைசென்ஸ் எப்படிப் பார்ப்பது?

ஜி.எஸ்.டி. நம்பர் லைசென்ஸ் ஆகாது. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, விதிகள் 1971 ஆகியவற்றின்படி, மாநில உரிம அதிகாரி தரும் தனி உரிமம் வேண்டும். அதற்கு வேளாண் பட்டம் அல்லது வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டம் தேவை. கூடவே மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. போன்ற, விதிகள் குறிப்பிடும் நிறுவனத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றும் வேண்டும். உரிமத்தின் நகலை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள்.

வருட கான்ட்ராக்ட் வேண்டுமா?

கரப்பானுக்கு சில மாதத்துக்கு ஒருமுறை மருந்து வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. கரையானுக்கு அதே மாதிரி ஒவ்வொரு முறையும் அடிக்கத் தேவையில்லை. மண்ணில் முறையாக இறங்கிய மருந்து பல மாதங்கள் நிற்கும். கான்ட்ராக்ட்டில் நமக்குத் தேவை இரண்டு: வருடத்துக்கு எத்தனை முறை வந்து பரிசோதிப்பார்கள், திரும்ப வந்தால் அந்த இடத்துக்கு இலவசமாகச் செய்வார்களா. மருந்தின் பெயர், அளவு, துளைகளின் எண்ணிக்கை எல்லாம் பில்லிலேயே இருக்கட்டும். பிறகு நீங்கள் டைல்ஸ் மாற்றித் தரையைத் தோண்டினால் அந்த இடத்தில் மருந்து வளையம் உடைந்துவிடும். வாரன்டியும் பெரும்பாலும் அதோடு போய்விடும்.

இரண்டாவது மாடியில் இருக்கிறீர்களா? கரையான் பெரும்பாலும் கீழே மண்ணிலிருந்துதான் சுவர், டக்ட் வழியாக ஏறி வந்திருக்கும். உங்கள் பிளாட்டில் மட்டும் செலவு செய்தால் பலன் குறைவு. கான்ட்ராக்ட்டில் கையெழுத்துப் போடும் முன், அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் மண் கோட்டின் போட்டோவைப் போடுங்கள். தரைத்தளத்தைச் சுற்றி ட்ரீட்மென்ட் செய்ய வேண்டியது மொத்தக் கட்டடமும் சேர்ந்துதான்.