அதிகாலை 5.30-க்கு வரும் ஒரு கணக்கு!

தாம்பரத்தில் முதல் டீக்கடைகள் சூடாகும் நேரம், அதிகாலை 5.30. அதே நேரத்தில்தான் 'லீட்கோட்' தளத்தில் அன்றைய 'டெய்லி சேலஞ்ச்' மாறுகிறது. உலக நேரப்படி (யுடிசி) நள்ளிரவு 12 மணி என்றால், நமக்கு 5.30. நாளுக்கு ஒரே ஒரு புரோகிராமிங் கணக்கு. போட்டுவிட்டால் காலண்டரில் அந்த நாளுக்கு டிக். 2020 ஏப்ரலில், ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, 30 நாள் சவாலாக ஆரம்பித்த பழக்கம் இது.

குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி ரோட்டை ஒட்டி கல்லூரிகள் நிறைய. கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கினால் இந்த டிக்கின் மவுசு கூடிவிடும். ஆனால், அது எதை எண்ணுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கிழக்கு தாம்பரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் கடைசி ஆண்டு மாணவி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் இரவு 9 மணிக்கு அன்றைய கணக்கை முடிக்கிறார். செவ்வாய் பிறந்ததும், இரவு 1 மணிக்கு இன்னொரு கணக்கு. 'செவ்வாய்க்கும் முடிந்தது' என்று தூங்கப் போய்விடுகிறார். தளத்தின் கடிகாரப்படி அது இன்னும் திங்கள்தான்! செவ்வாய்க்கிழமையின் புதுக் கணக்கு 5.30-க்குத்தான் வரும். அதைத் தொடாமல் விட்டால் புதன் காலையில் தொடர்ச்சி அறுந்திருக்கும். மொபைலில் ரிமைண்டர் வைப்பவர்கள் நள்ளிரவை ஒட்டி வைக்காமல், காலையில் ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று என வைப்பது இதனால்தான் நல்லது.

காலை ரிமைண்டர் கணக்கைப் படிக்க மட்டும். தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நின்றுகொண்டு மொபைலில் கோட் டைப் செய்வது கொடுமை. யோசிக்கலாம், அதற்குக் கை வேண்டாம்.

என்ன மாதிரி கணக்கு? லீட்கோட்டின் முதல் கணக்கான `Two Sum`-ஐப் பார்ப்போம். `[3, 2, 4]` என்று எண்கள். எந்த இரண்டைக் கூட்டினால் 6 வரும்? அவை இருக்கும் இடங்களைச் சொல்ல வேண்டும். முதல் இடத்துக்கு எண் 0. ஒவ்வொரு ஜோடியாகக் கூட்டிப் பார்த்தாலும் விடை வரும். ஆனால் 10,000 எண்கள் இருந்தால் ஏறக்குறைய 5 கோடி ஜோடிகள். அதற்குப் பதில், கடந்து வந்த எண்களை ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டே போனால், 10,000 எண்களையும் ஒரே ஒருமுறை பார்த்தால் போதும்.

```python
def two_sum(nums, target):
    seen = {}
    for i, x in enumerate(nums):
        if target - x in seen:
            return [seen[target - x], i]
        seen[x] = i
```

முதலில் 3. ஜோடி சேர இன்னொரு 3 வேண்டும், பட்டியலில் இல்லை. 3-ஐக் குறித்துக்கொள்கிறோம். அடுத்து 2. தேவை 4, இன்னும் வரவில்லை. கடைசியாக 4. தேவை 2, அது ஏற்கெனவே இருக்கிறது. விடை `[1, 2]`.

பலர் வழுக்கும் இடம் கடைசி வரி. அதை `if`-க்கு மேலே எழுதிவிட்டால், 3 தன்னையே ஜோடியாகப் பிடித்துக்கொண்டு `[0, 0]` என்று விடை வரும். விடையில் ஒரே இடம் இரண்டு முறை வந்தால் இந்தத் தவறுதான். யாரோ எழுதிய விடையை காப்பி அடித்தவருக்கு, அந்த வரி ஏன் கீழே இருக்கிறது என்பதே தெரியாது. இன்டர்வியூவில் கேட்பது பெரும்பாலும் அந்த 'ஏன்'தான்.

இங்கேதான் வாரக் கணக்கு முக்கியமாகிறது. புரொஃபைலில் தெரியும் பச்சைக் கட்டங்கள், விடை அனுப்பிய நாள்களைக் காட்டுபவை. தப்பான விடை அனுப்பினாலும் கட்டம் பச்சையாகும். 'சால்வ்டு' எண்ணிக்கை அப்படியல்ல, சரியான விடைக்கு மட்டுமே ஏறும். ஒரே கணக்கை எத்தனை முறை போட்டாலும் ஒன்றுதான். இரண்டுமே, நீங்களே யோசித்துப் போட்டீர்களா என்பதைச் சொல்லாது.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தானாகப் போட்டதற்கு 'தா', குறிப்பு பார்த்துப் போட்டதற்கு 'கு', விட்டதற்குக் கோடு. அரை மணி நேரம் முட்டியும் வரவில்லையென்றால் விளக்கத்தைப் படித்துவிடலாம். சில நாள் 'ஹார்ட்' கணக்கு வரும், அதில் தோற்பதில் வெட்கமில்லை. ஆனால் அந்த 'கு' கணக்கை மூன்று நாள் கழித்து எதையும் பார்க்காமல் திரும்பப் போட வேண்டும். வந்தால் 'தா'வாக மாற்றிக்கொள்ளலாம்.

நம் மாணவியின் நோட்டில் அந்த வாரம்: 'தா' 3, 'கு' 3, கோடு 1. தளம் காட்டுவது 6. நோட்டு காட்டுவது 3. இரண்டு 'கு'க்களைத் திரும்பப் போட்டதில் ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை. வராததை அடுத்த வாரம் புதன்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஞாயிறு காலை 8 மணிக்கு நடக்கும் வாரப் போட்டிக்கு அலாரம் வைத்திருக்கிறார்.