எலும்பு எந்த வடிவில் கரைந்திருக்கிறது?

ஈறு நோயோடு பல் டாக்டரிடம் போகிறவர்களுக்கு, "எலும்பு கரைஞ்சிருக்கு" என்ற ஒரு வரிதான் பெரும்பாலும் காதில் விழுகிறது. ஆனால் எவ்வளவு கரைந்தது என்பதோடு, எந்த வடிவில் கரைந்தது என்பதையும் பார்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்ய முடியும்.

நாற்பது வயதுப் பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் அளவுக்கம்பியை விட்டால், கீழ் முன்பற்களில் 5 மில்லிமீட்டர் இறங்குகிறது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் பின்புறம் 8 மில்லிமீட்டர். எக்ஸ்ரேயில் முன்பற்களைச் சுற்றி எலும்பு ஒரே மட்டமாகத் தாழ்ந்திருக்கிறது. இது கிடைமட்டத் தேய்வு. கடைவாய்ப் பல்லில் எலும்பு வேரை ஒட்டி மட்டும் சரிந்து, ஆப்பு வடிவில் பள்ளம் தெரிகிறது. இது செங்குத்துத் தேய்வு.

ஒரே வாயில் ஏன் இந்த வேறுபாடு? பல்லில் படியும் கிருமிப்படலம் கிளப்பும் அழற்சி சுமார் 2 மில்லிமீட்டர் தூரம்தான் எலும்பைக் கரைக்கும். முன்பற்களுக்கு இடையே எலும்பு மெல்லியது, அதனால் முழுதாகத் தாழ்ந்துவிடுகிறது. கடைவாயில் எலும்பு தடிமன், அதனால் நோயுள்ள வேரின் பக்கம் மட்டும் கரைந்து மற்ற பக்கம் நிற்கிறது.

இரண்டு இடத்துக்கும் முதல் சிகிச்சை ஒன்றுதான்: மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்வது. மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கிறார்கள். முன்பற்களில் 3 மில்லிமீட்டராகக் குறைந்து ரத்தக்கசிவும் நின்றிருந்தால் ஆபரேஷன் வேண்டாம். ஈறு சற்று இறங்கி, பல் நீண்டதுபோலத் தெரியும். "கிளீன் பண்ணினதாலதான் சந்து விழுந்துடுச்சு" என்று பலர் வருந்துகிறார்கள். உண்மையில் வீக்கம் வற்றியதால், முன்பே இருந்த இழப்பு வெளியே தெரிகிறது.

கடைவாய்ப் பல்லில் இன்னும் 7 மில்லிமீட்டர் இருந்து ரத்தமும் கசிந்தால், ஈறைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். பள்ளத்தைச் சுற்றி எத்தனை எலும்புச் சுவர் மிச்சம் என்பதுதான் இங்கே கேள்வி. எக்ஸ்ரே தட்டையான படம் என்பதால், கன்னப்பக்கச் சுவரும் நாக்குப்பக்கச் சுவரும் அதில் சரியாகத் தெரியாது. மூன்று சுவரும் இருந்து, பள்ளம் குறுகலாகவும் ஆழமாகவும் இருந்தால் நல்ல வாய்ப்பு. உள்ளே வைக்கும் எலும்புத்தூள், தொட்டியில் போட்ட மண்போல நகராமல் நிற்கும். ஈறின் மேல்தோல் வேகமாக வளர்ந்து அந்த இடத்தைப் பிடித்துவிடாமல் தடுக்க, மேலே ஒரு மெல்லிய சவ்வையும் வைப்பதுண்டு. ஒரே சுவர் மட்டும் இருந்தால் பலனை நம்பிச் சொல்ல முடியாது. கிடைமட்டத் தேய்விலோ தாங்கிப்பிடிக்கச் சுவரே இல்லை. அங்கே எலும்பை மீண்டும் உயர்த்துவதாகச் சொன்னால் யோசிக்க வேண்டும்.

புகைபிடிப்பவருக்கு இந்த எலும்பு வளர்ச்சி குறைவாகவே நடக்கும். பள்ளம் நிரம்பியதா என்பது எக்ஸ்ரேயில் தெரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.

ஈறு ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளும் முன், உங்கள் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பல்லில் மட்டமாகத் தேய்ந்திருக்கிறது, எதில் பள்ளம் விழுந்திருக்கிறது, சுத்தம் செய்த பிறகு மறுபடி அளந்தார்களா என்று கேளுங்கள்.