ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் எந்த நாள் வரை செல்லும்?

வேப்பனப்பள்ளியில் இருந்து ஓசூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பொறியாளர்கள் பலர், கனடா பிஆர் என்றதும் முதல் வேலையாக பெங்களூருக்குப் போய் ஐஇஎல்டிஎஸ் எழுதிவிடுகிறார்கள். நல்ல பேண்ட் கிடைத்ததும் சான்றிதழை பத்திரப்படுத்தி வைத்துவிட்டு, "இதுதான் கஷ்டமான வேலை, முடிந்துவிட்டது, மீதியைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். பொறியியல் பட்டம் காலாவதி ஆவதில்லை. ஆனால் மொழித்தேர்வு மதிப்பெண் ஆகிவிடும்.

ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிடிஇ மூன்றிலும் மதிப்பெண்ணுக்குப் பொதுவாக 2 ஆண்டு ஆயுள். பயன்படுத்தாமல் விட்ட மொழி மங்கிப்போகும் என்பதுதான் அதற்குக் காரணம். ஆனால் அந்த 2 ஆண்டு எந்த நாளில் முடிகிறது என்பதைவிட, எந்த நாளில் அது உயிரோடு இருக்க வேண்டும் என்பதே முக்கியம். அதைத் தீர்மானிப்பது தேர்வு நடத்தும் நிறுவனம் அல்ல, மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளும் நாடு.

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை இரண்டு நாட்களைப் பார்க்கிறது. நம் விவரங்களைப் பதிந்து வரிசையில் சேரும் நாள் ஒன்று. அழைப்பு வந்தபின் பிஆர் விண்ணப்பத்தை முழுமையாகச் சமர்ப்பிக்கும் நாள் மற்றொன்று. இரண்டு நாளிலும் மதிப்பெண்ணுக்கு 2 வயது ஆகியிருக்கக் கூடாது. சமர்ப்பித்த பிறகு, பரிசீலனை நடக்கும்போது காலாவதி ஆனால் பாதகமில்லை. இந்தக் கடைசி வரி தெரியாமல், கோப்பு பரிசீலனையில் இருக்கும்போதே பதறிப்போய் மறுதேர்வுக்குப் பணம் கட்டியவர்களும் உண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். திருமணமாகாத ஒரு பி.இ. பட்டதாரி, மூன்று ஆண்டுக்கு மேல் இங்கே தொழிற்சாலை அனுபவம் உள்ளவர், 2024 மார்ச் 16 அன்று ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெய்னிங் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7. கனடாவின் மொழி அளவுகோலில் இது நான்கிலும் 9-ஆம் நிலை. அவருக்கு 2026 பிப்ரவரி 2 அன்று அழைப்பு வருகிறது. விண்ணப்பிக்க 60 நாள், அதாவது ஏப்ரல் 3 வரை அவகாசம் என்று திரையில் தெரிகிறது. அவர் அந்தத் தேதியை நம்பி, காவல்துறை சான்றிதழுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் வங்கிக் கடிதத்துக்கும் நிதானமாக அலைகிறார். ஆனால் அவருடைய உண்மையான கெடு ஏப்ரல் 3 அல்ல, மார்ச் 15. அதைத் தாண்டிச் சமர்ப்பித்தால், மற்ற எல்லாக் காகிதமும் சரியாக இருந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். தேர்வு எழுதிய தேதியில் இருந்து எண்ண வேண்டுமா, முடிவு வந்த தேதியில் இருந்தா என்ற குழப்பம் பலருக்கு உண்டு. தேர்வு எழுதிய தேதியில் இருந்து எண்ணுங்கள், அப்போது தவறு நேராது.

மறுதேர்வு எழுதினால் போயிற்று என்று தோன்றும். கணினி வழித் தேர்வில் முடிவு சில நாட்களிலேயே வந்துவிடுகிறது என்பதும் உண்மை. ஆபத்து மதிப்பெண்ணில் இருக்கிறது. அதே மனிதர் இரண்டாம் முறை எழுதும்போது எழுத்துத் தேர்வில் மட்டும் 7-க்குப் பதில் 6.5 வாங்குகிறார். அரை பேண்டுதானே? கனடாவின் தரவரிசையில் அந்த ஒரு திறனுக்கான புள்ளி 31-இல் இருந்து 23-ஆகக் குறையும், அது 8 புள்ளி இழப்பு. அதோடு நிற்பதில்லை. நான்கு திறனிலும் 9-ஆம் நிலை இருந்தால்தான் பட்டத்துக்கு 25 கூடுதல் புள்ளி. ஒன்றில் சறுக்கினாலும் 13. கனடாவின் கணக்கில் வெளிநாட்டு அனுபவமாகும் இங்குள்ள வேலைக்குக் கிடைத்த 50, இப்போது 25 ஆகிறது. மொத்தம் 45 புள்ளி போய்விடுகிறது. அந்தச் சுற்றின் குறைந்தபட்சப் புள்ளிக்குக் கீழே இறங்கிவிட்டால், வந்த அழைப்பை மறுத்துவிட்டு மீண்டும் வரிசையில் நிற்பதே பாதுகாப்பு. துணிந்து அனுப்பினால் நிராகரிப்புதான்.

அதனால் பழைய மதிப்பெண் உயிரோடு இருக்கும்போதே, முடிவதற்கு நான்கைந்து மாதம் முன்னால், மறுதேர்வு எழுதிவிடுவது நல்லது. புதிதாக எழுதினால் பழையது ரத்தாகிவிடும் என்ற பயம் வேண்டாம். காலாவதி ஆகாத இரண்டில் எது உயர்ந்ததோ அதைக் கொடுக்கலாம். ஆனால் ஒரு தேர்வின் கேட்டலையும் இன்னொரு தேர்வின் எழுத்தையும் சேர்த்து ஒட்ட முடியாது. வரிசையில் காத்திருக்கும்போது மதிப்பெண் காலாவதி ஆனால் புதியதைப் பதியும்வரை அழைப்புக்கான தகுதியும் போய்விடும்.

என் பார்வையில், முதலில் தேர்வு எழுதுவதே தவறான வரிசை. கனடாவுக்குப் பட்டத்தை மதிப்பிட்டு வாங்கும் அறிக்கை 5 ஆண்டு செல்லும். பல்கலைக்கழகத்தில் இருந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்கி அனுப்பி அது வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நீண்ட ஆயுள் உள்ளதை முதலில் வாங்கிக்கொண்டு, குறைந்த ஆயுள் உள்ள தேர்வைக் கடைசியில் எழுதினால் அந்த 2 ஆண்டும் முழுதாகக் கையில் இருக்கும்.

வேறு நாட்டுக்கு வேறு கணக்கு. மேலே சொன்ன அதே மார்ச் 16 மதிப்பெண்ணை ஆஸ்திரேலியாவின் 189, 190 திறன் விசாக்கள் அழைப்பு நாளுக்கு முந்தைய 3 ஆண்டுக்குள் இருந்தால் ஏற்கின்றன. அங்கேயே படித்து முடித்தவர்கள் கேட்கும் 485 விசாவுக்கோ, 2024 மார்ச்சில் வந்த விதிப்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 1 ஆண்டுக்குள் எழுதிய தேர்வு வேண்டும். ஜெர்மனிக்கான கோத்தே சான்றிதழில் காலாவதித் தேதியே கிடையாது. ஆனாலும் பல நிறுவனங்கள் 2 ஆண்டுக்கு உட்பட்டதைத்தான் கேட்கின்றன. ஆகவே "ஐஇஎல்டிஎஸ் 2 ஆண்டு" என்ற ஒற்றை வரியை நம்பாமல், நீங்கள் கேட்கும் விசாவின் பெயரைப் போட்டு அந்த நாட்டு அரசின் தளத்திலேயே பாருங்கள்.

இனி ஏஜென்ட் விஷயம். காலாவதியான சான்றிதழை "எக்ஸ்டெண்ட்" செய்து தருகிறேன், தேதியை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். புதுப்பிக்கும் வழி எதுவும் இல்லை, மறுதேர்வு ஒன்றுதான். மதிப்பெண்ணைத் தேர்வு நிறுவனத்திடமே நேரடியாகச் சரிபார்க்கும் வசதி அதிகாரிகளுக்கு உண்டு. போலி என்று தெரிந்தால் கனடா 5 ஆண்டுக்குக் கதவை மூடிவிடும். அந்தத் தடை விண்ணப்பதாரருக்குத்தான், ஏஜென்டுக்கு அல்ல.

கட்டணம் வாங்கிக்கொண்ட கன்சல்டன்சி காலாவதித் தேதியைக் கவனிக்காமல் தாமதமாகச் சமர்ப்பித்து விண்ணப்பம் போனால், அது சேவைக் குறைபாடு. "ஆபீஸ் பெங்களூரில் இருக்கிறது, கர்நாடகாவுக்குப் போய் கேஸ் போட வேண்டும்" என்று மிரட்டினால் மடங்கத் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வேப்பனப்பள்ளிக்காரர் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

பணம் கட்டிய ரசீது, ஒப்பந்தம், தேர்வுத் தேதியை நீங்கள் அவர்களுக்குத் தெரிவித்த மின்னஞ்சல் அல்லது வாட்ஸ்அப் செய்தி ஆகிய மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். குறைபாடு நடந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் புகார் பதிவாகிவிட வேண்டும்.