பரிமாற்றியின் பருமனைச் சொல்லும் இரண்டு எண்கள்

பிளேட்-ஃபின் வெப்பப் பரிமாற்றி என்பது மெல்லிய உலோகத் தகடுகளையும், அவற்றுக்கு நடுவே மடித்து வைத்த அதைவிட மெல்லிய உலோகத் தாள்களையும் மாறி மாறி அடுக்கி, உலையில் பிரேசிங் செய்து ஒட்டிய ஒரு பெட்டி. ஒரு அடுக்கில் சூடான வாயு போகும். அடுத்த அடுக்கில் குளிர்ந்த வாயு எதிர்த்திசையில் வரும். மடித்த தாள்தான் ஃபின். வெப்பம் பாயும் பரப்பைப் பல மடங்கு பெருக்குவது அதுவே. அப்படி ஒரு பெட்டி எத்தனை அகலம், எத்தனை உயரம், எத்தனை நீளம் இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட வடிவமைப்பாளர் கையில் இருக்க வேண்டியவை இரண்டே அளவுகள்: கோல்பர்ன் காரணி j, உராய்வுக் காரணி f.

j என்ற எண்ணை 1933-இல் அமெரிக்க வேதிப்பொறியாளர் ஆலன் கோல்பர்ன் அறிமுகப்படுத்தினார். ஃபின்னின் மேற்பரப்பு ஓடும் வாயுவிடமிருந்து எவ்வளவு நன்றாக வெப்பத்தை வாங்குகிறது என்பதை அலகு எதுவும் இல்லாத ஓர் எண்ணாக அது சொல்கிறது. வாயுவின் தன்மையைப் பிராண்டில் எண்ணின் வழியே கழித்துவிடுவதால், காற்றில் சோதித்து எடுத்த j-யை மற்ற வாயுக்களுக்கும் பயன்படுத்தலாம். f என்பது அதே மேற்பரப்பு ஓட்டத்தை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதன் அளவு. இரண்டும் ரெனால்ட்ஸ் எண்ணைப் பொறுத்து மாறும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கேஸும் லண்டனும் பல்வேறு ஃபின் வடிவங்களைச் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் இந்த இரு வளைகோடுகளையும் வரைந்து 1955-இல் நூலாக வெளியிட்டார்கள். இன்றும் வடிவமைப்பாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

இனி சிக்கல். j-யையும் f-ஐயும் வளைகோட்டில் படிக்க ரெனால்ட்ஸ் எண் வேண்டும். ரெனால்ட்ஸ் எண்ணுக்கு ஓட்டத்தின் வேகம் வேண்டும். வேகம் தெரிய வாய்ப்பரப்பு தெரிய வேண்டும். அந்தப் பரப்புதான் நாம் கண்டுபிடிக்க வேண்டியதே. இந்தச் சுற்றை உடைப்பது ஒரு நல்ல தற்செயல். ரெனால்ட்ஸ் எண் ஏற ஏற j, f இரண்டும் இறங்குகின்றன. ஆனால் ஏறக்குறைய சேர்ந்தே இறங்குகின்றன. அதனால் j/f என்ற விகிதம் ஒரு குறிப்பிட்ட ஃபின்னுக்கு அதிகம் அசைவதில்லை. துண்டுதுண்டாக வெட்டி மாற்றி மாற்றி நகர்த்திய ஃபின்களுக்கு, அதாவது ஆஃப்செட் ஸ்ட்ரிப் ஃபின்களுக்கு, அது 0.25-ஐ ஒட்டியே நிற்கும். இதை வைத்துக்கொண்டு, பெட்டியின் அளவு எதுவும் தெரியாமலே ஓட்டத்தின் வேகத்தைக் கண்டுவிடலாம்:

G² = 2 ρ Δp η (j/f) / (Pr^(2/3) · ntu)

G என்பது திறந்த வழியின் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடியில் போகும் வாயுவின் நிறை. ρ வாயுவின் சராசரி அடர்த்தி, Δp அனுமதிக்கும் அழுத்த இழப்பு, Pr பிராண்டில் எண். ஃபின்னின் நுனிவரை வெப்பம் முழுமையாகப் போய்ச் சேருவதில்லை. அந்தக் குறையைக் காட்டுவது η. ntu என்பது அந்தப் பக்கம் செய்ய வேண்டிய வெப்ப வேலையின் கனம். வெப்பச் சமன்பாட்டிலிருந்தும் அழுத்தச் சமன்பாட்டிலிருந்தும் நீளத்தை நீக்கினால் கிடைப்பதுதான் இந்தச் சூத்திரம். வர்க்கமூலம் எடுப்பதால் j/f-இல் பத்து சதவீதம் பிசகினாலும் G-யில் ஐந்து சதவீதமே பிசகும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு சிறிய வாயுச் சுழலிக்கு ரெக்யூபரேட்டர் வேண்டும். சுழலியை விட்டு 600 டிகிரி செல்சியஸில் வெளியேறும் புகை, கம்ப்ரசரிலிருந்து 4 பார் அழுத்தத்தில் 200 டிகிரியில் வரும் காற்றைச் சூடாக்க வேண்டும். இரு பக்கமும் நொடிக்கு அரை கிலோ. கிடைக்கக்கூடிய 400 டிகிரி வித்தியாசத்தில் 85 சதவீதத்தைக் காற்று பெற்றாக வேண்டும். அதாவது அது 540 டிகிரியில் வெளியேறும், புகை 260-க்கு இறங்கும். எதிரோட்டத்தில், இரு பக்கமும் சமமாக ஓடும்போது, 0.85-ஐ 0.15-ஆல் வகுத்தால் மொத்தப் பரிமாற்ற எண் 5.67 வருகிறது. தடையை இரு பக்கமும் பாதியாகப் பகிர்ந்தால் ஒவ்வொரு பக்கத்தின் ntu 11.3.

எந்தப் பக்கத்தில் தொடங்குவது? புகைப் பக்கத்தில்தான். வளிமண்டல அழுத்தத்தில் அதன் சராசரி அடர்த்தி கன மீட்டருக்கு 0.51 கிலோ மட்டுமே. அடர்த்தி குறைந்த வாயுவைத் தள்ளத்தான் அழுத்தம் அதிகம் வீணாகும். அங்கே 3,000 பாஸ்கல், அதாவது சுமார் 3 சதவீதம், அனுமதிக்கலாம். ஃபின்னின் உயரம் 3 மி.மீ., இடைவெளி 1 மி.மீ., துருப்பிடிக்காத எஃகுத் தாளின் தடிமன் 0.1 மி.மீ., ஒவ்வொரு துண்டின் நீளம் 3 மி.மீ. என்று கொள்வோம். இதன் நீரியல் விட்டம் 1.46 மி.மீ.

முதல் சுற்றில் j/f-ஐ 0.25 என்றும் η-வை 0.9 என்றும் ஊகித்தால் G 8.8 வருகிறது. ரெனால்ட்ஸ் எண் 390-ஐ ஒட்டி நிற்கிறது. ஆஃப்செட் ஃபின்களுக்கு மாங்ளிக்கும் பெர்க்லெஸும் 1995-இல் தந்த சூத்திரத்தில் இந்த எண்ணை இட்டால் j சுமார் 0.022, f சுமார் 0.09, விகிதம் 0.24. எஃகு வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. அதைக் கணக்கில் எடுத்தால் η 0.89. திருத்திய மதிப்புகளோடு இரண்டாம் சுற்று: G 8.6, ரெனால்ட்ஸ் எண் 377, j 0.0224, f 0.0945. மூன்றாம் சுற்று தேவையே இல்லை. வேறு முறைகளில் பக்கம் பக்கமாக ஓடும் திருத்தங்கள் இங்கே இரண்டு வரியில் முடிந்துவிடுகின்றன.

மீதி எளிது. அரை கிலோவை 8.6-ஆல் வகுத்தால் திறந்த வழி 0.058 சதுர மீட்டர். நீளத்தை வெப்பச் சமன்பாடு தருகிறது:

L = r · ntu · Pr^(2/3) / (η j)

r என்பது நீரியல் விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு. விடை 16 செ.மீ. ஃபின்னின் தடிமனையும், அரை மி.மீ. பிரிப்புத் தகடுகளையும், எதிர்ப்பக்கத்துக் காற்று அடுக்குகளையும் சேர்த்தால் முகப்பு 30 செ.மீ. அகலமும் 51 செ.மீ. உயரமும் கொண்டதாகிறது, உள்ளே 71 இணை அடுக்குகள். சுமார் 180 கிலோவாட் வெப்பத்தைக் கைமாற்றும் உள்ளகத்தின் கன அளவு 25 லிட்டருக்குள் அடங்குகிறது. புகைப் பக்கத்தின் பரப்பு மட்டும் கிட்டத்தட்ட 26 சதுர மீட்டர். நீளம் 16 செ.மீ. என்பதைப் பார்த்து முதல்முறை கணக்குப் போடுபவர் தசமப் புள்ளி நகர்ந்துவிட்டதோ என்று சந்தேகப்படுவது வழக்கம். நகரவில்லை, குறுகிய வழிகள் கொண்ட பரிமாற்றிகள் இப்படித்தான் அகன்றும் குட்டையாகவும் அமையும்.

காற்றுப் பக்கத்திலும் இதே ஃபின்னை வைத்தால் அங்கே அழுத்த இழப்பு 700 பாஸ்கலுக்கும் குறைவு; 4 பாரில் அது 0.2 சதவீதம்கூட இல்லை. அந்தப் பக்கத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்தது ஊதாரித்தனம். அங்கே உயரம் குறைந்த ஃபின்னைப் போட்டுக் காற்றை வேகமாக ஓட்டினால் பெட்டி இன்னும் சுருங்கும். நல்ல ரெக்யூபரேட்டர்களில் இரு பக்க ஃபின்களும் ஒரே உயரத்தில் இல்லாததற்கு இதுவே காரணம்.

இந்தச் சூத்திரங்கள் இன்னொன்றையும் காட்டுகின்றன. அனுமதிக்கும் அழுத்த இழப்பைப் பாதியாக்கினால் முகப்பு 41 சதவீதம் விரியும், ஆனால் நீளம் குறையும்; கன அளவு 17 சதவீதமே கூடும். 85 சதவீதத்தை 90 ஆக்கக் கேட்டால் கதை வேறு: ntu 11.3-இலிருந்து 18-க்குத் தாவுகிறது, கன அளவு முக்கால் மடங்கு கூடுகிறது. அழுத்த இழப்பு பெரும்பாலும் பெட்டியின் வடிவத்தைத்தான் மாற்றுகிறது. விலையை ஏற்றுவது வெப்பத் தேவை.

இத்தனை எளிய முறையில் தவறு நுழையும் இடங்களும் உண்டு. முதலாவது f-இன் வரையறை. கேஸ்-லண்டன் மரபில் f என்பது ஃபேனிங் காரணி. குழாய்ப் பொறியாளர்கள் பலர் பயன்படுத்தும் டார்சி காரணி அதைப்போல நான்கு மடங்கு. ஃபேனிங் f-ஐ எடுத்து டார்சி சூத்திரத்தில் இட்டுவிட்டால், கட்டிய பெட்டியின் அழுத்த இழப்பு கணக்கிட்டதைவிட நான்கு மடங்கு வரும். கண்டுபிடிக்க எளிய வழி: வழுவழுப்பான வட்டக் குழாயில் சீரான மெல்லோட்டத்துக்கு அந்த நூல் f-ஐ 16/Re என்கிறதா, 64/Re என்கிறதா என்று பார்ப்பது. முன்னது ஃபேனிங், பின்னது டார்சி. j/f கிட்டத்தட்ட 0.06 என்று வந்தாலும் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். நீரியல் விட்டத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆஃப்செட் ஃபின்னுக்கு அதை ஆளுக்கொரு விதமாக வரையறுத்திருக்கிறார்கள். வளைகோட்டை வரைந்தவர் எந்த வரையறையைக் கொண்டாரோ அதையே கொள்ள வேண்டும்.

மேலே போட்ட கணக்கு உள்ளகத்தின் உராய்வை மட்டும் எண்ணியது. நுழைவிலும் வெளியேற்றத்திலும் ஏற்படும் இழப்பு, வாயுவைப் பகிர்ந்தளிக்கும் முனைப்பகுதிகளின் இழப்பு ஆகியவற்றைத் தனியாகக் கூட்ட வேண்டும். தகட்டின் நீளவாக்கில் சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைக்கு உலோகம் வழியாகவே கசியும் வெப்பமும் உண்டு. 16 செ.மீ.க்குள் 340 டிகிரி இறங்குவதால் அது பெரிதாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் எஃகின் குறைந்த கடத்துதிறன் இங்கே கைகொடுக்கிறது; 85 சதவீதத்தில் இழப்பது சுமார் 0.3 மட்டுமே.

பெரிய தொல்லை தொழிற்சாலையில் பிறக்கிறது. ரெனால்ட்ஸ் எண் சில நூறுகளில் இருக்கும்போது, 1 மி.மீ. இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவாக இல்லாவிட்டால் வாயு அகன்ற வழிகளில் நழுவி ஓடிவிடும். குறுகிய வழிகள் பட்டினி கிடக்கும். லண்டன் 1970-இலேயே இதை ஆராய்ந்து எழுதினார்: இடைவெளிகளின் ஏற்றத்தாழ்வு f-ஐக் குறைப்பதைவிட j-யை அதிகமாகக் குறைக்கிறது. வெட்டிய விளிம்புகளில் பிசிறு இருந்தாலோ, பிரேசிங் உலோகம் வழிந்து வழிகளை அடைத்தாலோ நடப்பது வேறு: அழுத்த இழப்பு ஏறும். ஆகவே சோதனை மேடையில் முதலில் பார்க்க வேண்டியது அழுத்தமானியை. வெப்பம் குறைவாகவும் அழுத்த இழப்பும் கணக்கைவிடக் குறைவாகவும் இருந்தால் இடைவெளிகள் சீரில்லை அல்லது வாயு எங்கோ குறுக்கே நழுவுகிறது. வெப்பம் குறைந்து அழுத்த இழப்பு ஏறியிருந்தால் வழிகள் அடைபட்டிருக்கின்றன. முந்தையதற்கு ஃபின் மடிக்கும் அச்சையும் முனைப்பகுதிகளையும் பார்க்க வேண்டும், பிந்தையதற்குப் பிரேசிங் உலையை.