விலை மட்டும் மாறினால்?

விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்பது பாடப்புத்தக விதி. ஆனால் 1914இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹென்றி மூர் கச்சா இரும்பின் பல ஆண்டுப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டபோது, விலையும் அளவும் சேர்ந்தே ஏறின. விலை ஏற ஏறத் தேவையும் கூடும் புதுவகைத் தேவைக்கோடு இது என்று அவர் முடிவுகட்டினார்.

கோளாறு எங்கே? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். டன் 15 டாலராக இருந்தபோது ஓர் ஆலை 100 டன் வாங்கியது. மறு ஆண்டு விலை 18 டாலர். ஆலை வாங்கியதோ 130 டன். காரணம், அந்த ஆண்டு தண்டவாள ஆர்டர்கள் குவிந்தன. ஆர்டர் பழையபடியே இருந்து விலை மட்டும் ஏறியிருந்தால், ஆலை 90 டன்னோடு நிறுத்தியிருக்கும். ஆக, விலை 10 டன்னைக் குறைத்தது. ஆர்டர் 40 டன்னைக் கூட்டியது. மூர் பார்த்தது இரண்டும் கலந்த கூட்டுத்தொகையை.

இந்தக் கலப்பைப் பிரிக்கத்தான் பொருளியலாளர்கள் ‘செட்டரிஸ் பாரிபஸ்’, அதாவது ‘மற்றவை மாறாதிருந்தால்’ என்ற நிபந்தனையை வைக்கிறார்கள். நிஜச் சந்தையில் எதுவும் அசையாமல் நிற்காது. அதனால் ஆர்டர் நிலவரம் ஒத்திருந்த ஆண்டுகளை மட்டும் தேர்ந்து ஒப்பிடுவது போன்ற வழிகளை நாடுகிறார்கள்.

‘விலை ஏறியும் விற்பனை குறையவில்லை’ என்று யாராவது சொன்னால், கூடவே வேறென்ன மாறியது என்று கேளுங்கள்.