பதினைந்து நிமிடம் கேளுங்கள், வேலை கேட்காதீர்கள்

ஒரு துறையின் மீது ஆசை இருக்கிறது. அதற்குள் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இந்த நிலையில் இருக்கும் இளைஞருக்கு இன்று திறந்திருக்கும் வழி, முகம் தெரியாத ஒரு நிபுணருக்கு மின்னஞ்சல் எழுதி, சிறிது நேரம் பேச முடியுமா என்று கேட்பது. அந்த வழியை நம் பிள்ளைகள் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் ஒரு மாணவிக்கு ஓலைச்சுவடிப் பாதுகாப்பில் நாட்டம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலும் தஞ்சாவூரிலும் புதுச்சேரியிலும் பெரிய சுவடித் தொகுப்புகள் உள்ளன. பழுத்துப்போன ஓலையைத் துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, மங்கிய எழுத்துக்கு விளக்குக்கரி பூசித் தெளிவாக்கும் வேலை அங்கே நடக்கிறது. அதில் வேதியியல் படித்தவருக்கு இடம் உண்டா என்பதை அந்த வேலையைச் செய்பவர்தான் சொல்ல முடியும்.

வழக்கமாகப் போகும் கடிதம் எப்படி இருக்கும்? “மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் துறையில் எனக்கு மிகுந்த ஆர்வம். தங்கள் மேலான வழிகாட்டுதலை வேண்டுகிறேன். வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்.” கீழே பயோடேட்டா இணைப்பு. இதைப் பெறுபவர் என்ன செய்வார்? வேலை கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இல்லை. அரசு நிறுவனம் என்றால் அறிவிப்பு வந்து, விண்ணப்பித்துத்தான் சேர முடியும். ஆக, “இல்லை” என்று எழுதும் சங்கடத்தைத் தவிர்க்கப் பேசாமல் இருந்துவிடுகிறார். ஆர்வம் என்ற சொல்லுக்குப் பின்னால் கேள்வி எதுவும் இல்லாததால், விரும்பினாலும் அவரால் பதில் சொல்ல முடியாது.

அதே மாணவி இப்படி எழுதலாம்:

“பொருள்: சுவடிப் பராமரிப்பு பற்றி 15 நிமிடம் பேச வேண்டுகோள் – வேதியியல் மாணவி

ஐயா, வணக்கம். நான் திருவாரூரில் எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சுவடிப் பராமரிப்பு பற்றிய தங்கள் உரையைக் கேட்டேன். எண்ணெய் கூடினால் ஓலையில் தூசி ஒட்டும் என்றீர்கள். எவ்வளவு போதும் என்பது கைப்பழக்கத்தில் தெரிவதா, அளவு ஏதும் உண்டா? இந்த வேலைக்கு வர நான் வேதியியலோடு வேறு என்ன கற்க வேண்டும்? இவை பற்றித் தங்களோடு 15 நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா? செவ்வாய், வியாழன் மாலை 4 மணிக்கு மேல் எனக்கு வசதி. தங்களுக்கு ஏற்ற வேறு நேரமும் சரியே.”

இணைப்பு எதுவும் இல்லை. தான் யார், எதைக் கேட்டு எழுதுகிறார், எவ்வளவு நேரம் வேண்டும் என்பதெல்லாம் கைபேசித் திரையில் ஒரே பார்வையில் தெரிகிறது. உரையைக் கேட்டவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய கேள்வி அதில் இருப்பதால், இருபது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பிய கடிதம் இல்லை என்பதும் புரிந்துவிடும். அப்படி அனுப்புபவர்கள் பெயரை மட்டும் வெட்டி ஒட்டுவார்கள். அந்தப் பெயர் வேறு எழுத்துருவில், வேறு அளவில் நின்று அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து அதே கடிதத்தின் தொடர்ச்சியாக இரண்டு வரியில் நினைவூட்டலாம். அதற்கும் மௌனம் என்றால் அவரை விட்டுவிட்டு வேறொருவருக்கு எழுத வேண்டும். அவருடைய வாட்ஸ்அப் எண்ணைத் தேடிப் பிடிப்பது கூடாது.

பேச நேரம் கிடைத்த பிறகுதான் பெரிய தவறு நடக்கிறது. 12-ஆவது நிமிடத்தில், “உங்கள் இடத்தில் ஏதாவது வேலை போட்டுக் கொடுக்க முடியுமா?” என்று கேட்டுவிடுகிறார்கள். அதுவரை மனம் திறந்து பேசியவர் அங்கேயே மூடிக்கொள்வார். அடுத்து எழுதும் மாணவரின் கடிதத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். வேலைதான் நோக்கம் என்றால் நேராகக் கேட்பதே நேர்மை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் அதை விண்ணப்பமாகவே அனுப்பட்டும். உரையாடல் என்று சொல்லி உள்ளே வர வேண்டாம்.

கடைசி நிமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “இது பற்றி நான் இன்னும் யாரிடம் பேசினால் நல்லது?” இதற்கு ஒரு பெயர் கிடைத்தால் அடுத்த கடிதம் முன்பின் தெரியாதவர் எழுதியதாக இருக்காது. 15 நிமிடம் ஆனதும், அவர் தொடரச் சொன்னால் ஒழிய, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். மறுநாளுக்குள் நன்றி எழுதுங்கள். அவர் சொன்னதில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்று அதில் ஒரு வரி சேருங்கள்.

அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் உங்கள் கடிதத்தை ஒருமுறை படியுங்கள். அதில் பயோடேட்டா இணைப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். கேள்வி இல்லாவிட்டால் அனுப்பவே அனுப்பாதீர்கள்.