வாடகை நகைக்கு ஒரு சீட்டு

மேக்கப்போடு நிற்காமல் புடவை கட்டிவிடுவதையும் மணப்பெண் நகை வாடகையையும் சேர்த்துக்கொள்ளும் பார்லர்களைப் பற்றியது இந்த வாரம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இதற்குத் தேவை இருக்கிறது. கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் தேவாலயத்துக்கு வெள்ளைப் புடவை, மாலை வரவேற்புக்கு வண்ணப் பட்டு. ஒரே பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு முறை கட்ட வேண்டியிருக்கும். பவுன் விற்கிற விலையில், நெற்றிச்சுட்டி முதல் ஒட்டியாணம் வரை கெம்பு செட்டை வாடகைக்கு எடுக்கும் குடும்பங்களும் உண்டு.

இரண்டும் கூடுதல் வருமானம்தான். ஆனால் பொறுப்பு மட்டும் எதிரெதிர் திசையில் ஓடுகிறது. வாடகைக்குப் போவது பார்லரின் பொருள், அது வாடிக்கையாளர் கையில் இருக்கும். மடிப்பு எடுக்க வருவது வாடிக்கையாளரின் பட்டு, அது பார்லரின் கையில் இருக்கும். பொருளை ஒப்படைக்கும் இந்த இரண்டு உறவுக்கும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை.

முதலில் புடவை. கல்யாணத்துக்கு முந்தின நாளே மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டிக் கொடுப்பதைத்தான் ப்ரீ ப்ளீட்டிங் என்கிறார்கள். இதில் சேதம் வரும் இடங்கள் தெரிந்தவையே. சூடு அதிகமானால் பாலியஸ்டர் இழை கலந்த ஜரிகை சுருங்கிவிடும். நீராவிப் பெட்டி சொட்டினால் பட்டில் வட்டமாகக் கறை நிற்கும். தோளில் குத்தும் ஊக்கு, முந்தானையின் கனத்தில் இழையைக் கிழிக்கும். மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டுக் குறைந்த சூட்டில் தேய்ப்பதும், ஊக்குக்கு அடியில் சின்னத் துணித்துண்டு வைப்பதும் இதற்காகத்தான். தன் பொருளை ஒருவர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அந்தக் கவனத்தைச் சட்டத்தின் 151ஆவது பிரிவு கேட்கிறது. புடவையை வாங்கும்போதே வெளிச்சத்தில் விரித்து, பழைய கிழிசல், கறை இருந்தால் உரிமையாளர் முன்னால் படம் எடுத்துவிட வேண்டும். மறுநாள் மண்டபத்தில் அந்தக் கிழிசலைப் பார்ப்பவர்கள் கட்டிவிட்டவரைத்தான் கேட்பார்கள்.

நகைக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செட்டின் விலை 18,000 ரூபாய், ஒரு நாள் வாடகை 2,500, டெபாசிட் 5,000 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யவும், பாலீஷுக்கும் கல் பதிக்கவும் 400 ரூபாய் ஒதுக்கினால் மிஞ்சுவது 2,100. ஒன்பதாவது கல்யாணத்தில்தான் போட்ட பணம் திரும்புகிறது. அதுவரை செட் முழுசாக இருக்க வேண்டும். கடற்காற்று படும் இந்தப் பகுதியில் முலாமுக்கு அடியில் உள்ள செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். வியர்வையும் ஹேர் ஸ்ப்ரேயும் முலாமைக் கறுக்க வைக்கும். கல்லுக்கு அடியில் ஈரம் இறங்கினால் கெம்பு மங்கிவிடும். திரும்பி வந்ததும் மெல்லிய துணியால் துடைத்து, உலரவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காற்றுப்புகாத கவரில் வைக்க வேண்டும்.

பெரிய ஓட்டை டெபாசிட்டில்தான் இருக்கிறது. பணம் வாங்கியாயிற்று, இனி பயமில்லை என்று நினைப்பது தவறு. தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், எடுத்தவர் உரிய கவனத்தோடு இருந்தும் மணமகள் அறையில் திருட்டுப் போனால், 152ஆவது பிரிவின்படி அவர் பொறுப்பில்லை என்று வாதிடலாம். டெபாசிட்டைப் பிடித்துவைப்பதே அப்போது சண்டையாகும். மறுபக்கமும் உண்டு. இரண்டு கல் விழுந்ததற்கு 5,000 ரூபாயையும் வைத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க 74ஆவது பிரிவு இடம் தருவதில்லை.

பார்லர்காரர்கள் பலரும் யோசிக்காத ஒன்று 150ஆவது பிரிவில் இருக்கிறது. வாடகைக்குக் கொடுத்த பொருளின் குறையால் சேதம் வந்தால், அந்தக் குறை தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. ஒட்டியாணத்தின் கொக்கி முனை நீட்டிக்கொண்டு மணப்பெண்ணின் பட்டைக் கிழித்தால், டெபாசிட்டைப் பிடிப்பது இருக்கட்டும், புடவைக்கான பணத்தை பார்லர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கொக்கியையும் விரலால் தடவிப் பார்ப்பது இதனால்தான் அவசியம்.

ஆகவே ஒரு பக்கச் சீட்டு போதும், ஆனால் தமிழில் இருக்க வேண்டும். உருப்படிகளின் பட்டியல், ஒவ்வொன்றின் இன்றைய விலை, கல் விழுந்தால் எவ்வளவு, தொலைந்தால் எவ்வளவு, திருட்டுப் போனால் யார் பொறுப்பு, எத்தனை மணிக்குத் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு என்ன வாடகை. இரு தரப்பும் பார்க்க எடுத்த படமும் கையெழுத்தும் சேர வேண்டும். அடுத்த முகூர்த்தத்துக்கு அதே செட் பேசப்பட்டிருந்தால் திருப்பும் நேரம்தான் முக்கியம். உரிய நேரத்தில் திருப்பாதவர், அதன்பின் பொருளுக்கு வரும் சேதத்துக்கும் பொறுப்பு என்கிறது 161ஆவது பிரிவு.

இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செட் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் இந்தச் சீட்டை எழுதி, ஒரு வக்கீலிடம் காட்டி, அச்சடித்துவிடுங்கள். தெரிந்த பெண்ணாக இருந்தாலும், அதில் கையெழுத்தாகாமல் நகைப்பெட்டியைக் கையில் கொடுக்காதீர்கள்.